ஓ.டி. மணி குறைகிறது என்று எழுத்தில் புகார் வந்திருக்கிறது: முதல் நாளிலிருந்து முடிவுக் கடிதம் வரை எப்படிக் கொண்டுபோவது?

கோவை_எச்ஆர்

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 70 பேர் இருக்கிறார்கள். குறைதீர்க்கும் குழு பெயருக்கு இருக்கிறது. நிர்வாகம் தரப்பில் இரண்டு பேர், தொழிலாளர் தரப்பில் இரண்டு பேர். இதுவரை ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசியதில்லை.

நேற்று ஒரு சி.என்.சி. ஆபரேட்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தார். மூன்று மாதமாக ஓ.டி. மணியைக் குறைத்துப் போடுகிறார்களாம், மொத்தம் 46 மணி நேரம் வர வேண்டுமாம். கேட்டதற்கு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டினாராம். அதிலிருந்து இரண்டாவது ஷிப்ட் மட்டுமே போடுகிறாராம். ஒரே பக்கத்தில் மூன்றும் கலந்து இருக்கிறது.

முதலாளி, "கூப்பிட்டுப் பேசி முடித்துவிடு, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. முறையாகச் செய்வதென்றால் எங்கே தொடங்க வேண்டும்?

ஓய்வுபெற்ற_பர்சனல்

கடிதத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள் அம்மா. அவர் நகல் வைத்திருப்பார். நாளைக்கு லேபர் ஆபீசில் அந்த நகலைக் காட்டினால், வாங்கவே மறுத்தார்கள் என்பதுதான் முதலில் பதிவாகும். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியும் நேரமும் கையெழுத்தும் போட்டு இன்றைக்கே அவரிடம் கொடுங்கள். வாங்கினேன் என்பதால் நீங்கள் எதையும் ஒத்துக்கொண்டதாக ஆகாது.

அடுத்தது, அவசரமான வேலை. மனிதர்களிடம் பேசுவதற்கு முன்னால் பதிவுகளைப் பிடித்து வையுங்கள். பயோமெட்ரிக் மெஷினின் மூல பஞ்ச் விவரம், கேட் செக்யூரிட்டி நோட்டு, ஓ.டி. ஸ்லிப் கட்டு, புரொடக்ஷன் ஷீட், ஷிப்ட் சார்ட். சம்பள சாஃப்ட்வேர் தரும் மாதச் சுருக்கம் போதாது. அது ஏற்கெனவே கழித்துக் கூட்டிய கணக்கு. மூல பஞ்ச்சில்தான் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது அப்படியே இருக்கும். விசாரணை என்று வெளியே தெரிந்த பிறகு ஓ.டி. ஸ்லிப்பில் புதுக் கையெழுத்து முளைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நகல் எடுத்து, எடுத்த தேதியைப் போட்டு, குழுவில் ஒருவரை வைத்துச் சீல் வையுங்கள்.

மூன்றாவது, அவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தெந்தத் தேதியில் எத்தனை மணி குறைந்தது? உங்களுக்கு என்ன வேண்டும்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பணம் வேண்டுமா, ஷிப்ட் பழையபடி சுழல வேண்டுமா, சூப்பர்வைசர் வருத்தம் தெரிவிக்க வேண்டுமா? இது தெரியாமல் விசாரித்தால் கடைசியில் அவர் கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

அவருடைய கடிதத்தை நீங்கள் நல்ல தமிழில் திருத்தி எழுதாதீர்கள். அது அப்படியே கோப்பில் இருக்கட்டும். தனித்தாளில் "குறை 1: ஓ.டி. மணி, குறை 2: ஷிப்ட், குறை 3: பேசிய விதம்" என்று பிரித்து, அவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவுக் கடிதம் வரைக்கும் இந்த மூன்று எண்கள்தான் உங்களைக் கூட்டிப்போகும்.

லேபர்லா_மாணவன்

தொழில் தகராறு சட்டம் 9சி பிரிவின்படி 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழு கட்டாயம். அதிகபட்சம் 6 பேர், 45 நாளில் முடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் முதலாளியிடமே அப்பீல், அவர் ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். மேடத்துக்கு நேரம் நிறைய இருக்கிறது.

ஓய்வுபெற்ற_பர்சனல்

தம்பி, நீங்கள் சொன்னது 2010 திருத்தம் கொண்டுவந்த முறை. அன்றைக்கு அது சரி. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் குறியீடு நடைமுறைக்கு வந்துவிட்டது. 20 பேர் என்பது மாறவில்லை. குழுவில் 10 பேர் வரை இருக்கலாம், இரு தரப்பும் சம எண்ணிக்கை, பெண்கள் அங்கே வேலை செய்யும் விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாள் 45 இல்லை, 30. பிரச்சினை எழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் தொழிலாளி மனு கொடுக்கலாம். முதலாளியிடம் அப்பீல் என்ற படி இப்போது இல்லை. முடிவு பிடிக்காவிட்டாலோ 30 நாளில் முடியாவிட்டாலோ, அதிலிருந்து 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம்.

மேடம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பெரும்பான்மை மட்டும் இருந்தால் முடிவு ஆகாது. தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் குழுவில் அந்தத் தரப்பில் இருப்பதே இரண்டு பேர். பாதிக்கு மேல் என்றால் இரண்டு பேருமே. நிர்வாகத்தின் இரண்டு ஓட்டும் தொழிலாளர் தரப்பில் ஒன்றும் சேர்ந்து மூன்றுக்கு ஒன்று என்று வந்தாலும், சட்டப்படி முடிவு எட்டப்படவில்லை என்றுதான் கணக்கு.

லேபர்லா_மாணவன்

குறியீடு வந்தது தெரியும் சார், அப்பீல் நீக்கப்பட்டதைக் கவனிக்கவில்லை. ஆனால் 30 நாளில் முடிக்க "லாம்" என்றுதானே இருக்கிறது, "வேண்டும்" என்று இல்லையே?

ஓய்வுபெற்ற_பர்சனல்

வார்த்தை அப்படித்தான். ஆனால் 30 நாள் தாண்டிய உடனே அவருக்கு வெளியே போகும் வழி திறந்துவிடுகிறது. 31ஆம் நாள் நீங்கள் நல்ல முடிவு கொடுத்தாலும் அவர் ஏற்கெனவே மனு போட்டிருக்கலாம்.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்

பெரிசாக யோசிக்க வேண்டாம். திட்டினார் என்று சாட்சி இருந்தால் சூப்பர்வைசருக்குச் சார்ஜ் ஷீட் கொடுங்கள். இல்லை என்றால் பொய்ப் புகாருக்கு ஆபரேட்டருக்குக் கொடுங்கள். என்கொயரி ஆபீசர் போட்டால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். எங்கள் யூனிட்டில் அப்படித்தான்.

ஓய்வுபெற்ற_பர்சனல்

ஐயா, நீங்கள் சொல்வது ஒழுங்கு நடவடிக்கை. அதில் ஒருவர் குற்றம்சாட்டப்பட்டவர், முடிவில் தண்டனை உண்டா இல்லையா என்பது கேள்வி. இங்கே கேட்பது, இவருக்கு வர வேண்டியது வந்ததா, வராவிட்டால் எப்படிச் சரிசெய்வது என்பது. இரண்டையும் ஒரே மேஜையில் நடத்தினால் சூப்பர்வைசர் வாயைத் திறக்க மாட்டார், வேலை போய்விடும் என்று பயப்படுவார். ஓ.டி. ஸ்லிப் எப்படிப் போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். குறையை முதலில் முடியுங்கள். அதில் அவர் மீது ஏதாவது தெரியவந்தால் அதைப் பிறகு தனியாகப் பார்க்கலாம். புகார் முழுவதும் நிரூபணமாகவில்லை என்பதற்காக ஆபரேட்டருக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்தால், அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகு யாரும் எழுத்தில் எதுவும் கொடுக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு விலக்கு. புகாரில் பாலியல் தொல்லை பற்றி ஒரு வரி இருந்தாலும் அது இந்தக் குழுவுக்கு வரக்கூடாது, உள்ளகக் குழுவுக்குத்தான் போக வேண்டும். மேடத்தின் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

லேத்_12

நான் தொழிலாளி. ஆபீஸ் பக்கம் இருப்பவர்கள் இதையும் கேளுங்கள்.

வேறு கம்பெனியில் இருந்தபோது நானும் எழுதிக் கொடுத்தேன். லீவ் போட்ட நாளை ஆப்சென்ட் ஆக்கிச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். பல வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. "தங்கள் குறை பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலவில்லை." அவ்வளவுதான். என்ன பார்த்தார்கள், யாரைக் கேட்டார்கள், நான் கொடுத்த லீவ் சீட்டு கிடைத்ததா இல்லையா, எதுவும் இல்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை. நான் எழுதியதை யாரும் படித்தார்களா என்றே தெரியாததுதான் ஆறவில்லை.

அப்புறம் மெதுவாக ஆரம்பித்தது. பழைய மெஷினுக்கு மாற்றினார்கள். ஓ.டி. கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எதுவும் எழுத்தில் இல்லை. மேடம், அந்த ஆபரேட்டருக்கு இரண்டாவது ஷிப்ட் எப்போது தொடங்கியது, அவர் கேட்டது எந்தத் தேதி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோவை_எச்ஆர்

லேத்_12 அண்ணா, நீங்கள் சொன்னபடியே ஷிப்ட் சார்ட்டை எடுத்தேன். அவர் சூப்பர்வைசரிடம் கேட்டேன் என்று சொல்லும் வாரம் வரைக்கும் வாராவாரம் ஷிப்ட் மாறியிருக்கிறது. அடுத்த திங்கள்கிழமையிலிருந்து ஏழு வாரமாகத் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட். அதே லைனில் மற்ற ஐந்து பேருக்கும் வழக்கம்போல மாறுகிறது. நேற்று வரைக்கும் இதை நான் ஒரு சின்னக் குறையாகத்தான் நினைத்தேன்.

கூட்டத்துக்கு அவரோடு ஒரு சக தொழிலாளி வரலாமா என்று கேட்கிறார். விடலாமா?

லண்டன்_வேர்ஹவுஸ்

இங்கே பிரிட்டனில் முறையான குறைக் கூட்டத்துக்குச் சக ஊழியரையோ யூனியன் ஆளையோ கூட அழைத்துப்போவது 1999 சட்டப்படி உரிமை. அவர் நமக்காகப் பேசலாம், ஆனால் நம்மிடம் கேட்ட கேள்விக்கு நமக்குப் பதில் அவர் சொல்ல முடியாது. வேலைத் தகராறுகளைப் பார்க்கும் ஏகாஸ் அமைப்பின் நடைமுறை விதியைக் காரணமில்லாமல் மீறினால் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம். அதனால் இங்கே மேனேஜர்கள் கூட்டத்துக்கு முன்பே கடிதம் போட்டு அந்த உரிமையைச் சொல்லிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற_பர்சனல்

நம்முடைய தொழில் உறவுகள் குறியீட்டின் 4ஆம் பிரிவில் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் விடுங்கள். குழுவில் நாலு பேரும் எதிரே அவர் ஒருவரும் என்றால் அவர் பாதிதான் பேசுவார். கூட வந்தவர் பெயரைக் குறிப்பில் எழுதுங்கள்.

ஒவ்வொருவரும் பேசியதை அன்றைக்கே எழுதி அவரவரிடம் கையெழுத்து வாங்குங்கள். "சூப்பர்வைசர் கடுமையாக நடந்துகொண்டார்" என்று எழுத வேண்டாம். என்ன வார்த்தை, எந்த இடம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதுங்கள்.

கோவை_எச்ஆர்

நன்றி சார். இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன், கடைசியில் கேள்வி இருக்கிறது.

46 மணியையும் தேதிவாரியாகத் தாளில் போட்டோம். ஒரு நாளை மட்டும் காட்டுகிறேன். முதல் ஷிப்ட் மதியம் 2.30க்கு முடிகிறது. அன்று வெளியே போன பஞ்ச் 5.26. அதாவது 2 மணி 56 நிமிஷம். புரொடக்ஷன் ஷீட்டிலும் 5.20 வரைக்கும் பீஸ் எண்ணிக்கை இருக்கிறது. பே ஸ்லிப்பில் ஏறியது 2 மணி. எங்கே போனது என்று தேடினால், சாஃப்ட்வேரில் ஓ.டி. முழு மணிக்குக் கீழே இறங்கும்படி அமைத்திருக்கிறது. 56 நிமிஷம் தானாக விழுந்துவிட்டது. இப்படி மூன்று மாதத்தில் 14 மணி.

அடுத்து 17 மணி. இது ஸ்லிப் விஷயம். சம்பளக் கணக்கு 25ஆம் தேதி மூடுகிறது. 25க்குப் பிறகு வந்த ஸ்லிப்பை அந்த மாதம் ஏற்ற மாட்டார்கள், அடுத்த மாதம் ஏற்றுவார்கள் என்று சூப்பர்வைசர் நினைத்திருக்கிறார். அக்கவுண்ட்ஸில் அடுத்த மாதக் கட்டைப் பிரிக்கும்போது பழைய தேதி ஸ்லிப்பை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஐந்து ஸ்லிப்பும் மேஜை டிராயரில் இருந்தன. யாரும் திருடவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை.

மீதி 15 மணி. அதில் 11 மணிக்கு பஞ்ச் இருக்கிறது, உற்பத்திப் பதிவு இல்லை. கம்பெனி பஸ் 6 மணிக்குத்தான் கிளம்பும், அதற்காக உள்ளேயே காத்திருந்த நேரம். அவரிடம் காட்டியபோது அவரே ஒத்துக்கொண்டார். கடைசி 4 மணிதான் சிக்கல். அடுத்த ஷிப்ட் ஆளுக்கு ஜாப் செட்டிங் சொல்லிக்கொடுத்தேன் என்கிறார். அடுத்த ஷிப்ட் ஆளும் ஆமாம் என்கிறார். ஸ்லிப் இல்லை. தொழிலாளர் தரப்பு இரண்டு பேரும் கொடுக்கச் சொல்கிறார்கள், நிர்வாகத் தரப்பு இரண்டு பேரும் ஸ்லிப் இல்லாமல் முடியாது என்கிறார்கள்.

திட்டியதைப் பற்றி: குரலை உயர்த்தியதைச் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்கிறார், கெட்ட வார்த்தை பேசியதை மறுக்கிறார். பக்கத்தில் இருந்த இருவரில் ஒருவர் கேட்டேன் என்கிறார், ஒருவர் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறார். ஷிப்ட்டுக்கு சூப்பர்வைசர் சொன்ன காரணம், இரண்டாவது ஷிப்ட்டில் திறமையான ஆள் தேவைப்பட்டது என்பது. அப்படி எங்கேயும் எழுதவில்லை.

இப்போது கேள்வி. முதலாளி 31 மணிக்குப் பணம் கொடுக்கத் தயார். ஆனால் இவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, சாஃப்ட்வேர் விஷயத்தைக் கடிதத்தில் எழுதாதே என்கிறார். எழுதினால் 70 பேரும் கேட்பார்களாம்.

ஓய்வுபெற்ற_பர்சனல்

எழுதத்தான் வேண்டும். காரணம் இல்லாத 14 மணி அந்தக் கடிதத்தில் எப்படி நிற்கும்? குழுவின் தொழிலாளர் உறுப்பினர்கள் இருவரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார்கள். ஷாப் ஃப்ளோரில் இந்நேரம் தெரிந்திருக்கும். முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள்: மற்றவர்களுக்கும் மனு கொடுக்க ஒரு வருஷம் இருக்கிறது, ஒவ்வொருவராக வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு 30 நாள் ஓடும். நாமே சாஃப்ட்வேரைத் திருத்தி, எல்லோருக்கும் கணக்குப் போட்டு, ஒரே சம்பளத்தில் நிலுவையைச் சேர்த்தால் விஷயம் அங்கேயே முடிகிறது. அவர் பணத்துக்குப் பயப்படுவதைவிட 70 பேரும் திரண்டு வருவதற்குத்தான் பயப்படுகிறார்.

4 மணிக்கு இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது, ஆகவே முடிவில்லை. அதை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். முதலாளி விரும்பினால் குழுவுக்கு வெளியே தானாகக் கொடுக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

கடிதத்தில் ஒவ்வொரு குறைக்கும் நான்கு விஷயம் வரட்டும்: அவர் சொன்னது, நாங்கள் பார்த்தது, எங்கள் முடிவும் காரணமும், யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வார். உதாரணத்துக்கு முதல் குறையை இப்படி எழுதலாம்:

> குறை 1. மூன்று மாதத்தில் 46 மணி ஓ.டி. குறைந்ததாகத் தாங்கள் தெரிவித்தீர்கள். மூல பஞ்ச் பதிவு, ஓ.டி. ஸ்லிப், புரொடக்ஷன் ஷீட் ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒப்பிட்டோம். 14 மணி கணினி அமைப்பு முழு மணிக்குக் குறைத்ததால் விடுபட்டது. 17 மணி, 25ஆம் தேதிக்குப் பின் வந்த ஸ்லிப்கள் ஏற்றப்படாததால் விடுபட்டது. இந்த 31 மணியை நால்வரும் ஒருமனதாக ஏற்கிறோம். மணிக்கு ரூ. 93.75, இரட்டிப்பு ரூ. 187.50, மொத்தம் ரூ. 5,812.50. இது வரும் சம்பளத்துடன் பே ஸ்லிப்பில் தனியாகக் காட்டி வழங்கப்படும். 11 மணி பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் என்று தாங்களே உறுதிசெய்ததால் ஏற்கப்படவில்லை. மீதி 4 மணி குறித்துக் குழுவில் முடிவு எட்டப்படவில்லை.

ஷிப்ட் குறைக்கு, சூப்பர்வைசரின் மனதில் என்ன இருந்தது என்று தீர்ப்பு எழுதப் போகாதீர்கள். கேட்ட வாரத்துக்கு அடுத்து அவருடைய ஷிப்ட் சுழற்சி நின்றது, மற்ற ஐந்து பேருக்கு நிற்கவில்லை, எழுத்தில் காரணம் இல்லை. இந்த மூன்றையும் எழுதி, வரும் திங்கள் முதல் பழையபடி சுழலும் என்று முடியுங்கள். திட்டியதற்கு, குரல் உயர்த்தியது உறுதி, வார்த்தை உறுதியாகவில்லை என்றே எழுதலாம். கடைசிப் பத்தியில் அவர் அடுத்து எங்கே போகலாம், எத்தனை நாளுக்குள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

லேத்_12

இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தால் 11 மணி போனதற்கு நான் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன் சார். 4 மணிக்கு ஸ்லிப் இல்லை என்கிறீர்கள். ஸ்லிப் எழுத வேண்டியவர் சூப்பர்வைசர். அவர் எழுதாததற்கு ஆபரேட்டர் ஏன் இழக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற_பர்சனல்

நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டால் கொடுத்துவிடுவேன், அடுத்த ஷிப்ட் ஆள் சாட்சி சொல்கிறாரே. ஆனால் ஸ்லிப் இல்லாமல் ஒருமுறை கொடுத்தால் பிறகு ஸ்லிப்புக்கே மதிப்பிருக்காது என்று நினைக்கும் நல்ல மேனேஜர்களையும் எனக்குத் தெரியும்.

கோவை_எச்ஆர்

கடிதம் 26ஆம் நாள் கொடுத்தாயிற்று. படித்துக் காட்டி, அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். கணினி அமைப்பை நிமிஷக் கணக்குக்கு மாற்றியாயிற்று. மற்றவர்களுக்கும் மூன்று மாத நிலுவை போட முதலாளி சம்மதித்தார். ஒரு வருஷத்துக்குப் பின்னோக்கிப் போகச் சம்மதிக்கவில்லை.

கோப்பில் அவருடைய மூலக் கடிதம், பெற்ற நகல், மூன்று குறைத் தாள், சீல் வைத்த பதிவுகள், கையெழுத்திட்ட வாக்குமூலங்கள், யார் எதற்கு ஒத்துக்கொண்டார் என்ற கூட்டக் குறிப்பு, முடிவுக் கடிதம் எல்லாம் தேதி வரிசையில் இருக்கின்றன. நிலுவை ஏறிய பே ஸ்லிப் வந்ததும் சேர்ப்பேன். அவருடைய பெர்சனல் ஃபைலில் போடவில்லை, தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன். சரிதானே?

ஓய்வுபெற்ற_பர்சனல்

சரி. பெர்சனல் ஃபைலில் போட்டால் பதவி உயர்வு நேரத்தில் யாராவது புரட்டிப் பார்த்துப் புகார் கொடுக்கிற ஆள் என்பார்கள். இன்னும் இரண்டு சம்பளம் கழித்து அவரைக் கூப்பிட்டு ஓ.டி. சரியாக வருகிறதா, ஷிப்ட் மாறுகிறதா, ஓ.டி.க்குக் கூப்பிடுவது குறைந்திருக்கிறதா என்று கேட்டு, அந்த ஷிப்ட் சார்ட்டையும் எடுத்து அதே கோப்பில் வையுங்கள். லேத்_12 சொன்ன மாதிரிப் பழிவாங்கல் முதல் வாரத்தில் வராது.

லேபர்லா_மாணவன்

சார், 4ஆம் பிரிவைத் திரும்பப் படித்தேன். சமரச அதிகாரியிடம் போவது "தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் மூலமாக" என்று இருக்கிறது. மேடம் கம்பெனியில் யூனியன் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. அப்படியென்றால் அந்த 4 மணிக்கு அவர் எப்படிப் போவார்?

கோவை_எச்ஆர்

யூனியன் இல்லை. கடிதத்தில் 60 நாள் என்று எழுதிவிட்டேன், யார் மூலமாக என்று எழுதவில்லை.

ஓய்வுபெற்ற_பர்சனல்

அந்த இடம் எனக்கும் உறுத்துகிறது. வெளியே உள்ள ஒரு சங்கத்தில் அவர் உறுப்பினராகலாம். தனியாகக் கொடுத்தால் அதிகாரி வாங்குவாரா என்பதை உங்கள் பகுதி லேபர் ஆபீசில் நேரில் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்பதை இங்கேயும் எழுதுங்கள், ஆபரேட்டருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 60 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்

எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் கான்ட்ராக்ட். அவர்கள் ஓ.டி. குறைந்தால் எந்தக் குழுவுக்குக் கொடுப்பது? கான்ட்ராக்டரிடம் 20 பேர்கூட இல்லை. யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.